நிராகரிப்பில் எந்த வகை, குறைபாட்டில் எந்தச் செல்: விடையைத் தேர்வது எப்படி

நோயெதிர்ப்பியல் கேள்விகளில் மருத்துவ மாணவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. முதலாவதில், மாற்றிப் பொருத்திய உறுப்பு பழுதாகிறது. இது ஹைப்பர்அக்யூட் நிராகரிப்பா, அக்யூட்டா, க்ரானிக்கா, அல்லது ஒட்டுச் செல்கள் உடலைத் தாக்கும் ஜிவிஎச்டி நோயா என்று கேட்பார்கள். இரண்டாவதில், ஒரு குழந்தைக்குத் தொற்றுக்கு மேல் தொற்று வருகிறது. குறைந்திருப்பது பி செல்லா, டி செல்லா, இரண்டுமா, நியூட்ரோபிலா, காம்ப்ளிமென்ட்டா என்று கேட்பார்கள். தெரிவுகளைப் பார்த்தால் இரண்டு மூன்றாவது நியாயமாகத்தான் படும்.

நிராகரிப்புக்குப் பலரும் கால அட்டவணையை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். நிமிடங்களில் வந்தால் ஹைப்பர்அக்யூட், வாரங்களில் வந்தால் அக்யூட், ஆண்டுகளில் வந்தால் க்ரானிக். எளிய கேள்விக்கு இது போதும். கொஞ்சம் கடினமான கேள்வியில் இதே அட்டவணை தவறான விடைக்கு இழுத்துப் போய்விடும். தாக்கும் ஆயுதம் எவ்வளவு தயாராக இருந்தது என்பதைத்தான் காலம் காட்டுகிறது. அந்த ஆயுதத்தை மருந்து கட்டி வைத்திருந்தால், அல்லது யாரோ அதை அவிழ்த்துவிட்டால், அட்டவணை பொய்த்துப் போகும். அதனால் ஆயுதத்திலிருந்து தொடங்குவதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

## முதலில் அளவுகோல்கள்

எந்தக் கேள்வி வந்தாலும் நான் பார்ப்பது மூன்று விஷயங்கள்.

திசை. யார் யாரைத் தாக்குகிறார்கள்? உறுப்பைப் பெற்றவரின் செல்கள் உறுப்பைத் தாக்குகின்றனவா, ஒட்டோடு வந்த செல்கள் பெற்றவரைத் தாக்குகின்றனவா? குறைபாட்டுக் கேள்வியில் இதே அளவுகோல் கொஞ்சம் மாறும்: தாக்க வேண்டிய எந்தப் படை வரவில்லை?

வேகம். எப்போது தொடங்கியது என்பதோடு, தொடங்கிய பிறகு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. மூன்றாம் ஆண்டில் தொடங்கி இரண்டே வாரத்தில் முற்றுகிற நோயும் உண்டு.

தடயம். நிராகரிப்பில் தடயம் திசுவில் இருக்கும், பயாப்ஸியில் தெரியும். குறைபாட்டில் தடயம் என்பது எந்தக் கிருமி வந்தது என்பது. ஒவ்வொரு படைக்கும் அது மட்டுமே நன்றாகச் சமாளிக்கும் கிருமிகள் சில உண்டு. அந்தப் படை இல்லாதபோது அவைதான் உள்ளே வரும்.

மூன்றும் ஒரே விடையைக் காட்டினால் சிக்கல் இல்லை. முரண்பட்டால் தடயத்தைத்தான் நம்ப வேண்டும். கடைசியாக நம்ப வேண்டியது நாட்கணக்கை.

## ஹைப்பர்அக்யூட் நிராகரிப்பு

இங்கே ஆயுதம் ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடி. அது ஏபிஓ ரத்த வகைக்கு எதிரானதாக இருக்கலாம், எச்எல்ஏ புரதங்களுக்கு எதிரானதாகவும் இருக்கலாம். எச்எல்ஏ ஆன்டிபாடி சும்மா தோன்றாது. முன்பு கருவுற்றிருக்க வேண்டும், ரத்தம் ஏற்றியிருக்க வேண்டும், அல்லது முன்பே ஒரு உறுப்பு மாற்று நடந்திருக்க வேண்டும். கேள்வியில் இந்த மூன்றில் ஒன்று எட்டிப்பார்த்தால் கவனியுங்கள்.

ஆயுதம் தயாராக இருப்பதால் காத்திருப்பு இல்லை. அறுவை மேசையிலேயே ரத்தக் குழாயின் கிளாம்ப்பை எடுத்ததும், இளஞ்சிவப்பாக மாறி இறுகவேண்டிய சிறுநீரகம் நீலம் பாய்ந்து, திட்டுத் திட்டாகி, துவண்டுவிடும். ஆன்டிபாடி ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டி, காம்ப்ளிமென்ட்டைத் தூண்டி, உள்ளே ரத்தம் உறைந்துவிடுகிறது. திசுவில் உறைகட்டிகளும் நியூட்ரோபில்களும் குழாய்ச் சுவரின் ஃபைப்ரினாய்டு சிதைவும் தெரியும். மருந்து உதவாது, உறுப்பை எடுக்க வேண்டியதுதான்.

இந்த விடை நிஜ வாழ்வில் இன்று அபூர்வம். காரணம் கிராஸ்மேட்ச் சோதனை. பட்டேலும் டெரசாகியும் 1969-ல் வெளியிட்ட ஆய்வில், கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் செய்த 30 சிறுநீரக மாற்றுகளில் 24 உடனே செயலிழந்தன. நெகட்டிவாக இருந்த 195-ல் அப்படி ஆனது 8 மட்டுமே. அதன்பிறகு இந்தச் சோதனை இல்லாமல் சிறுநீரகம் மாற்றுவது வழக்கமில்லை.

எப்போது இதைத் தேர்வு செய்யலாம்: மாற்றம் நடந்து நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில், உறுப்பு முழுவதும் ஒரே சமயத்தில் செத்தால். எங்கே ஏமாறுவோம்: நோயாளி மூன்று முறை கருவுற்றவர் என்று ஒரு வரி இருந்தாலே இதைக் குறித்துவிடுவோம். முன்பே இருந்த ஆன்டிபாடி மேசையிலேயே வேலையைக் காட்டியிருக்கும். உறுப்பு ஒரு மாதம் நன்றாக ஓடிவிட்டது என்றால் இந்தத் தெரிவை அடித்துவிடலாம்.

## அக்யூட் நிராகரிப்பு

இதில் ஆயுதத்தை உடல் புதிதாகத் தயாரிக்கிறது. டி செல்கள் அந்நிய எச்எல்ஏவைப் பார்த்து, பெருகி, வந்து சேர நாட்கள் ஆகும். மருந்து அவற்றை அடக்கி வைத்திருப்பதால் வாரங்கள், மாதங்கள் ஆகும். முதல் ஆறு மாதத்தில் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த ஆறு மாதம் மருந்து ஒழுங்காக உள்ளே போகிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிற கணக்கு.

இதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு. கடினமான கேள்விகள் இங்கேதான் வரும். டி செல் வகையில் லிம்போசைட்டுகள் சிறுநீரகத்தின் இடைத்திசுவில் நிறைந்து, நுண்குழல்களின் சுவருக்குள்ளேயே நுழைந்திருக்கும். இதை டியூபுலைட்டிஸ் என்கிறோம். ஆன்டிபாடி வகையில் சேதம் நுண்ரத்தக்குழாய்களில் நடக்கும். குழல்களைச் சுற்றிய தந்துகிகளில் வீக்கச் செல்கள் தேங்கி நிற்கும். காம்ப்ளிமென்ட் வேலை செய்துவிட்டுப் போன எச்சமான சி4டி அங்கே சாயத்தில் தெரியும். ரத்தத்தில் உறுப்பு தந்தவருக்கு எதிரான ஆன்டிபாடி அளவிடக் கிடைக்கும்.

இந்தப் பிரிவினை வெறும் பெயர் விளையாட்டு இல்லை, சிகிச்சை மாறும். டி செல் வகைக்கு மெத்தில்பிரெட்னிசலோனை வழக்கமாக மூன்று நாள் நரம்பு வழியே பெரிய அளவில் கொடுப்பார்கள். மடங்காவிட்டால் தைமோசைட் எதிர்ப்பு குளோபுலின் தருவார்கள். ஆன்டிபாடி வகைக்கு பிளாஸ்மா மாற்றமும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆன்டிபாடி அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

எப்போது இதைத் தேர்வு செய்யலாம்: நன்றாக இருந்த உறுப்பு நாட்களில் அல்லது வாரங்களில் வேகமாகச் சரிந்தால், அது எத்தனையாவது ஆண்டாக இருந்தாலும்.

## க்ரானிக் நிராகரிப்பு

இது மெதுவான அடைப்பு. பெற்றவரின் டி செல்கள் வெளியிடும் சைட்டோகைன்களாலும் நின்று நின்று எரியும் ஆன்டிபாடி சேதத்தாலும் ரத்தக் குழாயின் உட்சுவர் தடித்து, நார்த்திசு படிந்து, குழாய் குறுகிக்கொண்டே போகும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

உறுப்புக்கு உறுப்பு முகம் மாறும் என்பதால் கேள்வி கேட்பவர்களுக்கு இது பிடித்த இடம். சிறுநீரகத்தில் இடைத்திசு நார்மையும் நுண்குழல்கள் சுருங்குவதும், கூடவே சிறுநீரில் புரதமும் ரத்த அழுத்தமும் இருக்கும். நுரையீரலில் சிறு மூச்சுக்குழல்கள் அடைபடும் பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ். கல்லீரலில் பித்தக் குழல்கள் காணாமல் போகும். இதயத்தில் கரோனரி நாளங்கள் முழு நீளத்துக்கும் சமமாகக் குறுகும். இதயத்துக்கு ஒரு கூடுதல் ஆபத்து: மாற்றிய இதயத்தில் நரம்பு அறுபட்டிருப்பதால் நெஞ்சுவலி பெரும்பாலும் வராது. முதல் அறிகுறியே இதயச் செயலிழப்பாகவோ திடீர் மரணமாகவோ இருக்கக்கூடும். அதனால்தான் இவர்களுக்கு வலி இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் ஆஞ்சியோகிராம் செய்கிறார்கள்.

எப்போது இதைத் தேர்வு செய்யலாம்: சரிவு படிப்படியாக இருந்து, திசுவில் வீக்கச் செல்களைவிட நார்மை மேலோங்கினால்.

## ஒரு கேள்வியை முழுதாகப் பார்ப்போம்

முப்பத்தாறு வயதுப் பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். மூன்று ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று. கிரியாட்டினின் இதுவரை 1.1-ஐத் தாண்டவில்லை. நான்கு மாதமாக டாக்ரோலிமஸைப் பாதி நாள்தான் எடுக்கிறார். இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் 2.6 ஆகிவிட்டது. ஒட்டுச் சிறுநீரகத்தைத் தொட்டால் லேசாக வலிக்கிறது. பயாப்ஸியில் இடைத்திசுவில் லிம்போசைட்டுகள், டியூபுலைட்டிஸ், சி4டி இல்லை, நார்மை மிகக் குறைவு. நோய் எது?

அட்டவணையை நம்பியவர் மூன்று ஆண்டு என்பதைப் பார்த்து க்ரானிக் என்பார். கர்ப்பங்களைப் பார்த்தவர் ஹைப்பர்அக்யூட் என்பார். நம் அளவுகோலில் வைப்போம். திசை: பெற்றவரின் செல்கள் உறுப்பைத் தாக்குகின்றன. வேகம்: மூன்று ஆண்டு சமமாக ஓடி, இரண்டு வாரத்தில் இரு மடங்குக்கு மேல் ஏற்றம். மெதுவாகக் குறுகும் குழாய் இப்படி நடந்துகொள்ளாது. தடயம்: டியூபுலைட்டிஸ், சி4டி இல்லை. ஆக, டி செல் வகை அக்யூட் நிராகரிப்பு. மூன்று ஆண்டும் டி செல்களை மருந்துதான் பிடித்து வைத்திருந்தது. மருந்து தளர்ந்ததும் அவற்றின் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கியது.

இதே பெண்ணுக்கு சி4டி பாசிட்டிவாக இருந்து, ரத்தத்தில் தந்தவருக்கு எதிரான ஆன்டிபாடியும் இருந்தால் விடை ஆன்டிபாடி வகை. மருந்தை விட்டுவிடுபவர்களுக்கு இதுவும் சகஜம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் பயாப்ஸி அறிக்கையைப் பாதியில் நிறுத்தாமல் படிக்க வேண்டும்.

நிராகரிப்பே இல்லாத இரண்டு நிலைகள் இங்கே போட்டிக்கு வரும். ஒன்று டாக்ரோலிமஸின் நச்சுத்தன்மை. அப்போது மருந்தளவு கூடியிருக்கும், நுண்குழல் செல்களில் ஒரே அளவான சிறு குமிழ்கள் தெரியும், வீக்கச் செல்கள் பெரிதாக இருக்காது. இன்னொன்று பிகே வைரஸ். இது ரொம்பவே ஆபத்தான ஜோடி. பிகே வைரஸிலும் லிம்போசைட் நிறையும், டியூபுலைட்டிஸும் தெரியும். வேறுபடுத்துவது நுண்குழல் செல்லின் கருவுக்குள் இருக்கும் வைரஸ் பொதிகளும் எஸ்வி40 சாயமும் ரத்தத்தில் வைரஸ் அளவும்தான். நிராகரிப்புக்கு நோயெதிர்ப்பை இன்னும் அடக்க வேண்டும், பிகே வைரஸுக்கு அடக்கியிருப்பதைத் தளர்த்த வேண்டும். தவறான பக்கம் போனால் சிகிச்சையே சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். கேள்வியில் மருந்து அதிகம் கொடுக்கப்பட்டவர் என்று இருந்தால் பிகே வைரஸை நினையுங்கள், மருந்தை விட்டவர் என்றால் நிராகரிப்பை.

## ஜிவிஎச்டி

இங்கே திசை தலைகீழ். ஒட்டில் வந்த டி செல்கள் பெற்றவரைத் தாக்குகின்றன. பில்லிங்ஹாம் 1966-ல் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். ஒட்டில் வேலை செய்யும் நோயெதிர்ப்புச் செல்கள் இருக்க வேண்டும். ஒட்டில் இல்லாத ஆன்டிஜென்கள் பெற்றவரிடம் இருக்க வேண்டும். பெற்றவரால் அந்தச் செல்களைத் துரத்த முடியாத நிலை இருக்க வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றில் மூன்றும் பொருந்தும். லிம்போசைட் நிறைந்த சிறுகுடல், கல்லீரல் மாற்றுகளிலும் வரலாம். சிறுநீரகத்தில் மிக அரிது.

தடயம் மூன்று இடத்தில் தெரியும்: உள்ளங்கை, உள்ளங்கால் வரை வரும் சிவந்த தடிப்பு, நீர்த்த வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை. நிராகரிப்பு என்றால் மாற்றிய உறுப்பு பழுதாகும். இங்கே மாற்றிய ஒட்டு நன்றாக இருக்கும், மற்ற உடல் பழுதாகும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்தால் போதும்.

மூன்றாவது நிபந்தனையை மறக்காதீர்கள். சாதாரணமாக ஏற்றும் ரத்தத்தின் மூலமும் இந்த நோய் வர அதுவே வழி விடுகிறது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

## குறைபாட்டுப் பக்கம்: எந்தப் படை இல்லை

இங்கே தெரிவுகள் அதிகம் என்பதால் ஒரு அட்டவணை. இதில் கிருமிக்குத்தான் முதல் இடம்.

| குறைந்தது | உள்ளே வரும் கிருமிகள் | தொடங்கும் வயது | முதல் சோதனை |
|---|---|---|---|
| பி செல், ஆன்டிபாடி | நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், ஜியார்டியா, என்டரோவைரஸ் | 6 மாதத்துக்குப் பிறகு | இம்யூனோகுளோபுலின் அளவு, சிடி19 எண்ணிக்கை |
| டி செல், அல்லது டி-பி இரண்டும் | நியூமோசிஸ்டிஸ், கேண்டிடா, வைரஸ்கள் | முதல் சில மாதங்கள் | லிம்போசைட் எண்ணிக்கை, தைமஸ் நிழல் |
| நியூட்ரோபிலின் கொல்லும் திறன் | ஸ்டாஃப் ஆரியஸ், செராட்டியா, பர்க்கோல்டேரியா, ஆஸ்பெர்ஜில்லஸ் | பெரும்பாலும் சிறு வயதில் | டிஎச்ஆர் சோதனை |
| காம்ப்ளிமென்ட் 5 முதல் 9 வரை | நைசீரியா மட்டும், மறுபடி மறுபடி | பதின்பருவம், அதற்கு மேல் | சிஎச்50 |

கடைசி இரண்டு வரிசைகளும் கேள்வித்தாளில் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். ஒருவருக்கு இரண்டாவது முறை மெனிஞ்சோகாக்கஸ் வந்தால் காம்ப்ளிமென்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கல்லீரலில் ஸ்டாஃப் சீழ்க்கட்டி, நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்று வந்தால் க்ரானிக் கிரானுலோமா நோய். அங்கே நியூட்ரோபில் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். விழுங்கியதைக் கொல்லும் ஆக்சிஜன் வேதியியல்தான் இல்லை. எண்ணிக்கையைப் பார்த்து அதை அடித்துவிடாதீர்கள். நியூட்ரோபில் வெகுவாக ஏறியிருந்தும் புண்ணில் சீழே இல்லை, தொப்புள்கொடி விழத் தாமதமானது என்றால் அது வேறு நோய்: ரத்தக் குழாயை விட்டு வெளியேற முடியாத ஒட்டுதல் குறைபாடு.

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது முதல் இரண்டு வரிசைகளைத்தான்.

## பி செல் குறைபாடு

பிறக்கும்போது குழந்தையின் உடலில் இருக்கும் ஐஜிஜி தாயுடையது. நஞ்சுக்கொடி வழியாக வந்தது. அது தீர ஆறு மாதம் போல ஆகும். அதுவரை பி செல் இல்லாத குழந்தையும் நலமாகவே இருக்கும். பிறகு காதில் சீழ், நுரையீரல் அழற்சி, சைனஸ் என்று உறை கொண்ட பாக்டீரியாக்கள் வரிசையாக வரும். 1952-ல் புரூட்டன் விவரித்த நோய் இதுதான். எக்ஸ் குரோமோசோமில் உள்ள பிடிகே மரபணு பழுதாவதால் பி செல் முதிர்வதில்லை, நோயாளி ஆண் குழந்தை. டான்சில்லும் நிணநீர் முடிச்சும் மிகச் சிறியவை அல்லது இல்லவே இல்லை. வாயைத் திறந்து டான்சிலைப் பார்த்தாலே சந்தேகம் பாதி உறுதியாகிவிடும்.

இதே வரிசையில் இன்னும் மூன்று நோய்களைக் கலந்து கேட்பார்கள். பி செல் எண்ணிக்கை சரி, ஆனால் ஆன்டிபாடி இல்லை, வயது இருபதுக்கு மேல் என்றால் பொது மாறுபடும் குறைபாடு, அதாவது சிவிஐடி. ஐஜிஏ மட்டும் இல்லை, பெரிதாக நோய் ஒன்றும் இல்லை என்றால் ஐஜிஏ குறைபாடு. ஐஜிஎம் கூடுதலாக அல்லது சரியாக இருந்து மற்றவை குறைந்தால் ஹைப்பர் ஐஜிஎம்.

இந்தக் கடைசி நோய்தான் நல்ல மாணவர்களையும் தடுக்கி விழவைக்கும். ஆன்டிபாடி குறைபாடு போல இருக்கும், ஆனால் நியூமோசிஸ்டிஸ் வரும். நியூமோசிஸ்டிஸ் டி செல் கிருமி ஆயிற்றே என்று குழப்பம். இதன் பெரும்பான்மையான வகையில் பழுது இருப்பதே டி செல்லில்தான்: சிடி40 லிகண்ட் இல்லாததால் டி செல்லால் பி செல்லுக்கும் மேக்ரோஃபேஜுக்கும் உத்தரவு கொடுக்க முடியவில்லை. தடயத்தை நம்பியவர் இங்கேயும் சரியான இடத்துக்கு வந்துவிடுவார்.

## டி செல் குறைபாடும் கடும் கூட்டுக் குறைபாடும்

டி செல்லுக்குத் தாயிடமிருந்து கடன் கிடைக்காது. அதனால் முதல் சில மாதங்களிலேயே நோய் வெளிப்படும். போகாத வாய்க் கேண்டிடா, நிற்காத வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை, வறட்டு இருமலோடு ஆக்சிஜன் இறங்கும் நியூமோசிஸ்டிஸ். மார்பு எக்ஸ்ரேயில் தைமஸ் நிழல் இருக்காது.

டி செல் மட்டும் குறைந்து, பிறந்த சில நாட்களில் கால்சியம் இறங்கி வலிப்பு வந்தால், இதயத்தில் பிறவிக் கோளாறும் இருந்தால், டிஜார்ஜ். அங்கே மூன்றாவது, நான்காவது தொண்டைப் பைகள் சரியாக உருவாகவில்லை, தைமஸும் பாராதைராய்டும் ஒன்றாகப் போய்விட்டன. தொற்றைவிட கால்சியமும் இதயமும் முந்திக்கொள்ளும்.

டி செல்லும் இல்லை, அதனால் பி செல்லும் வேலை செய்யவில்லை என்றால் கடும் கூட்டுக் குறைபாடு, அதாவது ஸ்கிட். பி செல் எண்ணிக்கையில் இருந்தாலும் கட்டளை தர டி செல் இல்லாததால் ஆன்டிபாடி வராது. எந்தெந்தச் செல் காணோம் என்பது மரபணுவைக் காட்டும்.

- டி இல்லை, பி இருக்கிறது, என்கே இல்லை: ஆண் குழந்தை என்றால் பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோமின் ஐஎல்2ஆர்ஜி. ஜாக்3 பழுதானாலும் இதே படம்தான், அது பெண் குழந்தைக்கும் வரும்.
- டி இல்லை, பி இல்லை, என்கே இருக்கிறது: ராக் மரபணுக்கள்.
- மூன்றும் இல்லை: அடினோசின் டிஅமினேஸ் குறைபாடு.
- டி மட்டும் இல்லை: ஐஎல்7 ஏற்பி.

ஆய்வக அறிக்கை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கைக்குழந்தையின் லிம்போசைட் எண்ணிக்கை பெரியவர்களைவிட வெகு அதிகமாக இருக்க வேண்டும். 2500-க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். பெரியவர்களுக்கான அளவு 1000-லிருந்து தொடங்குவதால், குழந்தைக்கு 1500 என்று வந்தாலும் அறிக்கையில் சிவப்புக் குறி இருக்காது. சதவீதத்தை மட்டும் பார்ப்பவரும் இதைத் தவறவிடுவார். மொத்த வெள்ளையணுவைச் சதவீதத்தால் பெருக்கிப் பாருங்கள்.

## இரண்டு கேள்வியும் ஒன்றாகும் குழந்தை

ஐந்து மாத ஆண் குழந்தை. இரண்டு மாதமாக வாயில் கேண்டிடா, வயிற்றுப்போக்கு, எடை ஏறவில்லை. தாயின் சகோதரர் ஒருவர் கைக்குழந்தையிலேயே தொற்றால் இறந்தவர். இப்போது வறட்டு இருமல், மூச்சு வேகம். வெள்ளையணு 5000, அதில் லிம்போசைட் 16 சதவீதம். தைமஸ் நிழல் இல்லை. கோ-டிரைமாக்சசோல் தொடங்கினார்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்ததால் கதிர்வீச்சு செய்யாத சிவப்பணு ஒரு பை ஏற்றினார்கள். பத்தாவது நாள் காய்ச்சல், உடலெங்கும் சிவந்த தடிப்பு, உள்ளங்காலிலும் தடிப்பு. வயிற்றுப்போக்கு கூடியது, பிலிருபின் ஏறியது, மூன்று ரத்த அணு வரிசைகளும் சரிந்தன. என்ன நடந்தது?

முதலில் எந்தச் செல் இல்லை என்பதை முடிப்போம். 5000-ல் 16 சதவீதம் என்றால் 800. கைக்குழந்தைக்கு இது மிகக் குறைவு. கேண்டிடா, நியூமோசிஸ்டிஸ் சாயலுள்ள நுரையீரல், ஆறு மாதத்துக்கு முன் தொடக்கம்: டி செல். பி செல் மட்டும் போயிருந்தால் இந்த வயதில், இந்தக் கிருமிகளோடு வந்திருக்காது. தாய்வழி மாமாவின் மரணம் எக்ஸ் வழிப் பரம்பரையைக் காட்டுகிறது. ஐஎல்2ஆர்ஜி ஸ்கிட் என்று எழுதலாம். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பி இருந்து, டியும் என்கேயும் இல்லாதிருக்க வேண்டும்.

அப்புறம் தடிப்பு. நான்கு தெரிவுகள் நிற்கின்றன.

ரத்தம் ஏற்றியதன் ஒவ்வாமை என்றால் நிமிடங்களில், மணிகளில் வந்திருக்கும். பத்தாம் நாள் வராது. வைரஸ் தடிப்பு இருக்கலாம், ஆனால் உள்ளங்கால், குடல், கல்லீரல், மஜ்ஜை நான்கும் சேர்ந்த வரிசை அதற்கு எளிதில் பொருந்தாது. உண்மையான போட்டியாளர் கோ-டிரைமாக்சசோல். அது தடிப்பும் தரும், கல்லீரலையும் தொடும், ரத்த அணுக்களையும் இறக்கும், தொடங்கிய காலமும் ஒத்துப்போகிறது. மருந்தை நிறுத்திப் பார்ப்போம் என்று காத்திருந்தால் நான்காவது தெரிவு குழந்தையைக் கொன்றுவிடும்.

நான்காவது, ரத்தத்தால் வந்த ஜிவிஎச்டி. பில்லிங்ஹாமின் நிபந்தனைகளை எண்ணிப் பாருங்கள். ஏற்றிய ரத்தத்தில் உயிருள்ள டி செல்கள் இருந்தன. குழந்தையின் எச்எல்ஏ அவற்றுக்கு அந்நியம். குழந்தையால் அவற்றைத் துரத்த முடியவில்லை, டி செல்லே இல்லையே! இங்கே ஒரு முக்கியத் தடயம் இருக்கிறது. மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு வரும் ஜிவிஎச்டியில் மஜ்ஜை தந்தவருடையது, அதனால் அது பெரும்பாலும் தப்பிக்கும். ரத்தத்தால் வரும்போது மஜ்ஜை குழந்தையுடையது, அதுவும் தாக்கப்படும். அதனால்தான் மூன்று அணு வரிசைகளும் சரிந்தன. இந்த நோயில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறப்பதும் பெரும்பாலும் மஜ்ஜை வற்றிப்போவதால்தான்.

உறுதி செய்ய, தோல் பயாப்ஸியில் கீழ் அடுக்குக் கெரட்டினோசைட்டுகள் தனித்தனியாகச் சாவது தெரியும். அது மருந்துத் தடிப்பிலும் கொஞ்சம் தெரியக்கூடும் என்பதால், ரத்த லிம்போசைட்டுகளின் டிஎன்ஏ யாருடையது என்று பார்க்கும் கைமெரிசம் சோதனைதான் தீர்க்கும். ரத்தம் தந்த அந்நியருடைய டிஎன்ஏ வந்தால் ரத்தத்தால் வந்தது. தாயினுடையது வந்தால் வேறு கதை: கர்ப்பத்திலேயே கடந்து வந்த தாயின் டி செல்கள் ஸ்கிட் குழந்தையில் குடியேறி அதே மாதிரித் தடிப்பைத் தரும். அப்படிக் குடியேறிய செல்கள் எண்ணிக்கையை உயர்த்திக் காட்டி, ஸ்கிட் இல்லை என்றே எண்ணவைத்துவிடும். அதனால் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் டி செல் எண்ணிக்கையோடு நிற்காமல், தைமஸிலிருந்து புதிதாக வந்த சிடி45ஆர்ஏ வகை எத்தனை என்றும் கேட்க வேண்டும். குடியேறியவற்றில் அது கிட்டத்தட்ட இருக்காது.

ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்த மாதிரியில் ஏற்றியவரின் செல்களும் கலந்திருக்கலாம் என்பதால், ஸ்கிட் சந்தேகம் வந்ததுமே ரத்தம் ஏற்றுவதற்கு முன் மாதிரி எடுத்து வைப்பது நல்லது. ஏற்ற வேண்டியே வந்தால் 25 கிரே கதிர்வீச்சு செய்த, சைட்டோமெகாலோவைரஸ் அபாயம் நீக்கிய ரத்தம்தான் ஏற்ற வேண்டும். வெள்ளையணுவை வடிகட்டினால் மட்டும் போதாது, மிஞ்சும் சில டி செல்களே பெருகிவிடும். பிசிஜி, ரோட்டா வைரஸ் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளும் கூடாது. அடிப்படை நோயைத் தீர்ப்பது பொருத்தமானவரிடமிருந்து பெறும் மஜ்ஜை மாற்று. ஸ்கிட் குழந்தையிடம் ஒட்டை எதிர்க்க டி செல் இல்லாததால் நிராகரிப்பு அபாயம் குறைவு, ஒட்டில் வரும் டி செல்களால் ஜிவிஎச்டி அபாயம்தான் அதிகம். அதனால்தான் எச்எல்ஏ பாதி மட்டுமே ஒத்துப்போகும் பெற்றோரின் மஜ்ஜையைப் பயன்படுத்தும்போது அதிலுள்ள முதிர்ந்த டி செல்களை முன்கூட்டியே நீக்குகிறார்கள், அல்லது மாற்று நடந்த சில நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து அடக்குகிறார்கள்.